கடன் தாங்குமா? - ஒரு குடும்பக் கணக்கும் அதில் காணாத எண்களும்

காரைக்கால் பகுதியைச் சேர்ந்த அங்கத்தினர் ஒருவர் தம் குடும்பத்து வரவு செலவைக் கணினி விரிதாளில் அழகுற எழுதி நமக்கு அனுப்பியிருக்கிறார். அடியில் ஒரே ஒரு வரி: "அறுபதாயிரம் கடன் வாங்கினால் என்னால் கட்ட முடியுமா?" அவர் ஐந்து மா நிலத்தில் சம்பா பயிரிடுபவர். வீட்டில் குழித்தறி ஒன்று உண்டு. அவரும் மனைவியாரும் மாறி மாறி நெய்கின்றனர். மழை நாளில் தறிக்குழியில் நீர் ஊறுவதால், தறிக்கொட்டகையின் தரையை உயர்த்தி, கூரையையும் மாற்ற வேண்டும் என்பது அவர் எண்ணம். எண்ணம் நன்றே. ஆனால் அனுப்பிய தாளை வைத்துக்கொண்டு அக்கேள்விக்கு விடை கூற இயலாது. ஏன் இயலாது என்பதே இம்மாதப் பாடம். அவருடைய அடையாளத்தை மறைத்து, எண்களை முழு எண்களாக்கி இங்கே தருகிறோம்.

தாளில் கண்டவை

வரவுப் பக்கத்தில் இரண்டு இனங்கள். தறிக்கூலி மாதம் ரூ. 14,000. நெல்லும் உளுந்தும் விற்ற பணம் ஆண்டுக்கு ரூ. 84,000, அதைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் ரூ. 7,000 என்று எழுதியிருக்கிறார். ஆக வரவு ரூ. 21,000. செலவுப் பக்கத்தில் மளிகை, காய்கறி, மீன், மின்சாரம், எரிவாயு, தொலைபேசி, பேருந்துக் கட்டணம் முதலியன சேர்ந்து ரூ. 11,000. மிச்சம் ரூ. 10,000.

கடன் ரூ. 60,000, வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், தவணை 24 மாதம். விரிதாளின் சூத்திரத்தையே பயன்படுத்தி மாதத் தவணையையும் கண்டிருக்கிறார்:

```
=PMT(12%/12,24,-60000)
```

விடை ரூ. 2,824. பத்தாயிரம் மிஞ்சுமிடத்தில் இரண்டாயிரத்து எண்ணூறு கட்டுவது அரிதா? தாளைப் பார்த்தால் எவரும் "தாராளமாக வாங்கலாம்" என்றே சொல்வர். கடன் கொடுப்பவரும் அப்படியே சொல்லக்கூடும். ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஈடின்றிக் கொடுக்கும் நுண்கடன்களுக்காக ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் ஒரு வரம்பு விதித்துள்ளது. ஒரு குடும்பம் கட்டவேண்டிய எல்லாத் தவணைகளும் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டலாகாது என்பதே அது. இவருக்குப் பாதி என்பது ரூ. 10,500. அவ்வரம்புக்கு மிகவும் கீழேதான் இத்தவணை நிற்கிறது. ஆயினும் அது கடன் கொடுப்பவர் தாண்டக்கூடாத கோடு. அக்கோட்டுக்குள் நிற்பதனால் மட்டும் குடும்பத்தின் கை தாங்கும் என்று ஆகிவிடாது.

முதற் குறை: மாதந்தோறும் வாராத செலவுகள்

இத்தாள் ஒரு மாதத்தின் படம். அம்மாதத்தில் நேராதது எதுவும் படத்தில் விழவில்லை. இதுபற்றி அவரிடம் கேட்டு எழுதியதில் நான்கு எண்கள் கிடைத்தன.

நெல் விற்ற பணத்தை எழுதியவர் நெல் விளைவித்த செலவை எழுதவில்லை. உழவு, விதை, நாற்றங்கால் ஆகியவற்றுக்கு ஆகஸ்டில் 5,000. நடவுக்கும் அடியுரத்துக்கும் செப்டம்பரில் 10,000. களை எடுப்புக்கும் மேலுரத்துக்கும் அக்டோபரில் 5,000. உரத்துக்கும் பூச்சி மருந்துக்கும் நவம்பரில் 4,000. அறுவடை இயந்திரத்துக்கும் ஏற்றுக்கூலிக்கும் பிப்ரவரியில் 12,000. ஆக ரூ. 36,000.

தறிக்கூலி எல்லா மாதமும் 14,000 அன்று. ஐப்பசி கார்த்திகையில் குழியில் நீர் ஊறும்; பாவுக்குப் போட்ட கஞ்சி உலராது; இழை ஈரம் கொண்டு அறும். அக்டோபரில் 10,000, நவம்பரில் 6,000, டிசம்பரில் 8,000 என்றே கூலி வந்திருக்கிறது. குறைந்தது ரூ. 18,000.

தீபாவளிக்கு 7,000, பொங்கலுக்கும் தை மாத மொய்க்கும் 3,000, ஜூனில் பள்ளிக்கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் 8,000. ஆக ரூ. 18,000.

நான்காவது எண்ணை அவர் தயங்கித் தயங்கியே கூறினார். ஆண்டுதோறும் ஐப்பசியில் மனைவியாரின் நகை 30,000 ரூபாய்க்கு அடகு போகிறது; மாசியில் நெல் விற்றதும் மீள்கிறது. வட்டி 10 சதவீதம். நான்கு மாதத்துக்கு ரூ. 1,000. தொகை சிறிதாயினும் இச்செய்தியை நினைவில் வைக்க வேண்டுகிறோம். பின்னர் இது தேவைப்படும்.

தாளின்படி ஆண்டு மிச்சம் ரூ. 1,20,000. அதினின்று இந்த 73,000 கழிந்தால் நிற்பது ரூ. 47,000. கடன் தவணையோ ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ. 33,900. இன்னும் கட்டலாம் போலவே தோன்றுகிறது. பலர் இவ்விடத்தில் கணக்கை மூடிவிடுவர். மூடலாகாது.

இரண்டாம் குறை: கையிருப்பு

வரவு செலவு எழுதுவோர் பலரும் விட்டுவிடும் எண் ஒன்று உண்டு. இன்று கையிலும் வங்கியிலும் எவ்வளவு இருக்கிறது? சென்ற ஆண்டு இதே நாளில் எவ்வளவு இருந்தது? இவ்விரண்டையும் கேட்டோம். சென்ற ஜூலைத் தொடக்கத்தில் 9,000 இருந்தது; இந்த ஜூலையில் 12,000 இருக்கிறது என்றார்.

இதுதான் கணக்கின் உரைகல். ஆண்டுக்கு 47,000 மிஞ்சுவது மெய்யானால், 9,000 இருந்த இடத்தில் இன்று 56,000 இருக்கவேண்டும். இருப்பதோ 12,000. எனவே 44,000 ரூபாய் தாளில் எழுதப்படாத வழியில் சென்றிருக்கிறது. பணத்தை யாரும் களவாடவில்லை, நினைவுதான் கைவிட்டிருக்கிறது. "எதை எழுத மறந்தீர்?" என்று கேட்டால் எவருக்கும் விடை வராது. "இந்த 44,000 எங்கே?" என்று கேட்டபோது கணவனும் மனைவியும் அரை மணியில் கண்டுபிடித்துவிட்டனர். தாயாருக்குச் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து மாதம் 1,000. ஏலச்சீட்டு மாதம் 1,000. சென்ற வைகாசியில் தமக்கை மகளின் திருமணத்துக்குத் தாய்மாமன் சீர் 20,000. கணக்கு நேராயிற்று.

இம்மூன்றும் ஒரே தன்மையுடையன அல்ல என்பதையும் நோக்க வேண்டும். சீர் ஒருமுறைச் செலவு. வரும் ஆண்டில் இல்லை. மருந்து நிற்காது. சீட்டு சேமிப்பேயாயினும், முடியும்வரை மாதந்தோறும் கையைவிட்டுப் போகும் பணம். ஆகவே வரும் ஆண்டுக்கு 47,000-த்தில் மருந்தும் சீட்டுமாக 24,000-ஐக் கழித்து, மெய்யான மிச்சம் ரூ. 23,000 என்று கொள்கிறோம். தவணையோ 33,900. மாதம் பத்தாயிரம் மிஞ்சுவதாகக் காட்டிய தாள் இப்போது ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் குறைவதாகக் காட்டுகிறது.

மூன்றாம் குறை: மாதங்களின் வரிசை

ஆண்டுக் கணக்கு எவ்வளவு மிஞ்சும் என்று சொல்லும். எப்போது மிஞ்சும் என்று சொல்லாது. தவணையோ மாதந்தோறும் ஒரே தேதியில் வந்து நிற்கும். நெல்லை விற்ற பணத்தைப் பன்னிரண்டால் வகுத்து எழுதியதுதான் இத்தாளின் தலையாய பிழை. நெல் மாதந்தோறும் விளைவதில்லை. கார்த்திகையில் வயலில் நிற்கும் பயிரைக் கொண்டு தவணை கட்ட முடியாது.

ஆதலின் தாளைத் திருப்பி எழுதுவோம். ஒரு மாதத்துக்கு ஒரு வரி. A நிரலில் மாதம், B நிரலில் அம்மாதத்தில் உண்மையாகக் கைக்கு வரும் பணம், C நிரலில் உண்மையாகக் கையைவிட்டுப் போகும் பணம், D நிரலில் இருப்பு. முதல் வரி தலைப்பு. இரண்டாம் வரியின் D கட்டத்தில் தொடக்க இருப்பாகிய 12,000. மூன்றாம் வரியில் கீழ்க்காணும் சூத்திரத்தை இட்டுப் பதினான்காம் வரிவரை இழுத்துவிட்டால் போதும்:

```
=D2+B3-C3
```

புதிய கடன் எதையும் சேர்க்காமல், இன்றுள்ளபடியே எழுதினால் கிடைப்பது இது. அடகுத் தொகையை வரவாக எழுதவில்லை; அது கடனாதலின் அதன் வட்டியை மட்டும் செலவில் சேர்த்திருக்கிறோம்.

| மாதம் | வரவு (ரூ.) | செலவு (ரூ.) | இருப்பு (ரூ.) |
|---|---|---|---|
| ஜூலை | 14,000 | 13,000 | 13,000 |
| ஆகஸ்டு | 14,000 | 18,000 | 9,000 |
| செப்டம்பர் | 14,000 | 23,000 | 0 |
| அக்டோபர் | 10,000 | 18,000 | -8,000 |
| நவம்பர் | 6,000 | 24,000 | -26,000 |
| டிசம்பர் | 8,000 | 13,000 | -31,000 |
| ஜனவரி | 14,000 | 16,000 | -33,000 |
| பிப்ரவரி | 86,000 | 26,000 | 27,000 |
| மார்ச் | 14,000 | 13,000 | 28,000 |
| ஏப்ரல் | 26,000 | 13,000 | 41,000 |
| மே | 14,000 | 13,000 | 42,000 |
| ஜூன் | 14,000 | 21,000 | 35,000 |

இப்பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது கடைசி வரியை அன்று. மிகத் தாழ்ந்த வரியை. விரிதாளில் அதைக் காண =MIN(D3:D14) என்று இட்டால் போதும். இங்கே அது ஜனவரி. 33,000 ரூபாய்ப் பள்ளம். தறி நிற்கும் மாதமும், வயல் பணம் கேட்கும் மாதமும், தீபாவளியும் ஒன்றாக வந்து விழுகின்றன. ஐப்பசியில் நகை ஏன் அடகு போகிறது என்பது இப்போது விளங்குகிறது அல்லவா? இக்குடும்பம் இப்பள்ளத்தை ஆண்டுதோறும் நகையால் நிரப்பிக் கடந்து வந்திருக்கிறது. 30,000 நகையால் வந்தது. எஞ்சியது மளிகைக் கடையில் பற்றாக நின்றது.

இனி ஜூலையில் புதிய கடனை வாங்கி ஆகஸ்டிலிருந்து தவணை கட்டுவதாகக் கொள்வோம். ஜனவரிக்குள் ஆறு தவணை, ரூ. 16,944. பள்ளம் 33,000-லிருந்து ஏறத்தாழ 50,000 ஆகிறது. நகை ஏற்கெனவே அடகில் இருக்கும். எஞ்சிய 20,000-க்கு எங்கே போவது? கந்து வட்டிக்குத்தான். தவணை தவறாமல் கட்டப்படும். சங்கத்தின் ஏட்டில் அவர் நல்ல அங்கத்தினராகவே காட்சியளிப்பார். ஆனால் ஒரு கடனை மற்றொரு கடன் கட்டிக்கொண்டிருக்கும். ஏட்டில் தெரியாத இந்த நோயைப் பள்ளத்தின் ஆழம் ஒன்றே காட்டித்தரும்.

விளைச்சலைக் குறைத்துப் பார்த்தல்

பட்டியலில் பிப்ரவரி மாதத்து 72,000 ரூபாய் நெல் பணம் நல்ல விளைச்சலின் எண். நம் பகுதி காவிரியின் கடைமடை. ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பது வழக்கமாயினும், 2024-இல் அணை ஜூலை 28-இல்தான் திறக்கப்பட்டது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் அறுவடைக்கு நின்ற சம்பா காலந்தவறிய மழையில் சாய்ந்தது. இவை இரண்டும் அடுத்தடுத்த ஆண்டுகளில் நிகழ்ந்தவை. ஆதலின் நெல் வரவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து மறுமுறை ஓட்டிப் பார்ப்பது முறை. 72,000 என்பது 48,000 ஆனால் குறைவு 24,000. ஆண்டின் மிச்சம் 23,000 முழுதும் அதிலேயே கரைந்துவிடுகிறது. விளைச்சல் குறைந்த ஆண்டில் இக்குடும்பத்தால் எந்தத் தவணையும் கட்ட இயலாது என்பது பொருள். அவ்வாண்டுக்கென ஒரு சிறு தொகை ஒதுங்கிய பின்னரே புதிய கடன்.

தரை உயர்ந்தால் மழை மாதத்துக் கூலி இழப்பாகிய 18,000 குறையுமே, அதை ஏன் சேர்க்கவில்லை என்று அங்கத்தினர் வினவலாம். குறையக்கூடும். ஆனால் குழியில் நீர் ஊறுவது நிற்கலாம். மழையில் பாவு உலராதது நிற்காது. ஒரு மழைக்காலம் நெய்து பார்த்துப் பெற்ற எண்ணைத்தான் வரவில் எழுதலாம். எதிர்பார்க்கும் எண்ணை எழுதலாகாது.

கடனைப் பற்றியே காணாத எண்

தாளில் "வட்டி 12 சதவீதம்" என்று உள்ளது. எதன்மீது 12 சதவீதம்? குறைந்துவரும் நிலுவைமீது என்றால் மாதத் தவணை 2,824. இரண்டாண்டில் வட்டி ஏறத்தாழ 7,800. முதலில் வாங்கிய முழுத் தொகைமீதே கடைசிவரை என்றால் வட்டி 14,400, தவணை 3,100. சொல்லும் வட்டி இரண்டுக்கும் 12 சதவீதந்தான். ஆனால் பின்னதை முன்னதன் முறையில் அளந்தால் ஏறத்தாழ இருபத்தொன்றரை சதவீதம் ஆகும். இதனுடன் பரிசீலனைக் கட்டணம், காப்பீட்டுத் தொகை என்று பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கையில் கொடுப்பதும் உண்டு.

இதற்காகவே, 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனியாருக்குக் கொடுக்கும் புதிய தவணைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தரவேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்துள்ளது. கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு வீதம் அதில் ஒரே எண்ணாக இருக்கும். அவ்வெண்ணைக் கண்டபிறகே கையொப்பம் இடுக. தொடக்க வேளாண்மைச் சங்கத்தில் கடன் வாங்குவோரும் அதே விவரத்தைக் காரியதரிசியிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது நலம்.

நம் விடை

இப்பொழுது அங்கத்தினரின் கேள்விக்கு விடை கூறலாம். இந்த ஜூலையில், இந்தத் தொகையை, மாதத் தவணையில் வாங்கலாகாது. வேறு வழி உண்டு.

முதலில் பள்ளத்தைக் குறைக்க வேண்டும். ஆகஸ்டு முதல் நவம்பர் வரை வயலில் போடும் 24,000 ரூபாயைப் பயிர்க்கடனாகப் பெறலாம். பயிர்க்கடனின் தவணை அறுவடைக்குப் பின்னரே வருவதால் அது நம் பட்டியலின் போக்கோடு ஒத்துச் செல்லும். மூன்று லட்சம் வரையிலான குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். உரிய நாளில் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடியாகி 4 சதவீதமே ஆகும். மத்திய அரசின் இவ்வட்டிச் சலுகை 2025-26 ஆம் ஆண்டுக்கும் நீட்டிக்கப்பட்டது; வாங்கும் ஆண்டில் நிலைமை என்ன என்பதைச் சங்கத்தில் கேட்டறிக. இதனால் ஜனவரிப் பள்ளம் 33,000-லிருந்து 9,000 ஆகச் சுருங்குகிறது. முப்பதாயிரத்துக்கு அடகு போன நகை பத்தாயிரத்துக்குப் போனால் போதும்.

பிறகு பிப்ரவரி அறுவடையைப் பார்க்க வேண்டும். நெல் 72,000-க்கு விற்றுப் பயிர்க்கடன் தீர்ந்தால், மார்ச்சில் தரை வேலைக்கு மட்டும் ரூ. 30,000 கடன் வாங்கலாம். கூரை பின்னர் ஆகட்டும். தவணை மாதந்தோறும் வேண்டாம். ஆண்டுக்கு ஒன்றாக, அறுவடைக்குப் பின் மார்ச்சில் வைக்குமாறு கேட்க வேண்டும். 12 சதவீத வட்டியில் முதலாண்டு முதல் 15,000, வட்டி 3,600, ஆக 18,600. இரண்டாமாண்டு 15,000, 1,800, ஆக 16,800. ஆண்டு மிச்சமாகிய 23,000-க்குள் இவை அடங்கும். அடுத்த ஜூலையில் கையிருப்பு 12,000-க்குப் பதில் 35,000-ஐ ஒட்டி நின்றால், அதுவே விளைச்சல் குறைந்த ஆண்டுக்குரிய காப்பாகவும் அமையும். அறுவடை பொய்த்தால் இக்கடனை ஓராண்டு ஒத்திவைக்க வேண்டும். தரை ஓராண்டு பொறுக்கும். மீட்காத நகை ஏலத்துக்குப் போகும்.

படிப்பு வட்டத்துக்குரிய வினாக்கள்

1. உம் வீட்டில் சென்ற ஆண்டு இதே நாளில் இருந்த கையிருப்பு எவ்வளவு? இன்று எவ்வளவு? இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நீர் எழுதிய மிச்சத்தோடு ஒத்திருக்கிறதா?

2. உம் பன்னிரண்டு மாதப் பட்டியலில் மிகத் தாழ்ந்த மாதம் எது? அப்பள்ளத்தை இதுவரை எதைக்கொண்டு நிரப்பினீர்?

3. நீர் கேட்கும் கடனின் தவணை எந்த மாதத்தில் விழுகிறது? அம்மாதத்தில் வரவு உண்டா?

இம்மூன்றுக்கும் விடை எழுதிய தாளோடு வரும் அங்கத்தினருக்குக் "கடன் தாங்குமா?" என்ற வினாவின் விடை அவர் கையிலேயே இருக்கும், சங்கம் அதைச் சரிபார்த்தால் போதும்.